ஜீரோவைத் தொட்டால் ஸ்பேன் ஓடுகிறது: ஹேண்ட் பம்பும் மாஸ்டர் கேஜும் வைத்து பிரஷர் டிரான்ஸ்மிட்டர் கேலிபரேஷன்

கேள்வி: சார், ஸ்டீம் ஹெடரில் 0–10 கிலோ பிரஷர் டிரான்ஸ்மிட்டர், ஜீரோ, ஸ்பேன் திருகு வைத்த பழைய மாடல். ஹேண்ட் பம்பும் மாஸ்டர் கேஜும் வைத்து கேலிபரேட் செய்தேன். ஜீரோவைச் சரி செய்தால் ஸ்பேன் ஓடுகிறது, ஸ்பேனைச் சரி செய்தால் ஜீரோ நகர்கிறது. ஒருவழியாக இரண்டையும் பிடித்து லைனில் போட்டால், ஸ்டீம் இல்லாதபோதே 0.3 கிலோ காட்டுகிறது. எங்கே தப்பு? ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டரிலும் இப்படித்தான் செய்வதா?

பதில்:

அந்த 0.3 கிலோவுக்கும் உங்கள் கேலிபரேஷனுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருக்காது. அது இம்பல்ஸ் லைனில் நிற்கும் தண்ணீராக இருக்கும். அதைக் கடைசியில் பார்ப்போம். ஜீரோவும் ஸ்பேனும் ஒன்றையொன்று இழுப்பது அந்த மாடல்களின் இயல்பு. அது ஏன் என்று புரிந்துவிட்டால் இரண்டு சுற்றில் வேலை முடியும்.

முதலில் ஒரு விஷயம். திருகைத் தொடுவதற்கு முன்னால், இருக்கிற நிலையிலேயே ஐந்து புள்ளிகளிலும் ரீடிங் எடுத்து எழுதிவிட வேண்டும். பலரும் வென்ட்டைத் திறந்ததும் ஜீரோவைத் திருப்பி 4.00 ஆக்கிவிட்டுத்தான் நோட்டையே எடுப்பார்கள். அப்படிச் செய்தால், டிரான்ஸ்மிட்டர் இத்தனை நாள் எவ்வளவு தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது என்ற கணக்கு அதோடு போய்விடும். பிழை டிரான்ஸ்மிட்டரில் இருக்கிறதா, நம் பம்ப், கேஜ், மீட்டரில் இருக்கிறதா என்பதையும் அந்த முதல் ரீடிங்தான் சொல்லும்.

இணைப்பு

கண்ட்ரோல் ரூமில் சொல்லி, அந்த லூப் எதையாவது ஓட்டுகிறது என்றால் மேனுவலுக்கு மாற்றச் சொல்லுங்கள். ஹை பிரஷர் டிரிப் இதிலிருந்து போகிறது என்றால் அதை முறைப்படி அனுமதி வாங்கி பைபாஸ் செய்ய வேண்டும். நீங்கள் பம்பில் 10 கிலோ ஏற்றும்போது பாய்லர் டிரிப் ஆனால் பதில் சொல்வது கஷ்டம்.

அப்புறம் மேனிஃபோல்டில் ஐசொலேஷன் வால்வை மூடி, வென்ட்டை மெதுவாகத் திறக்கவும். ஸ்டீம் சர்வீஸில் வெளியே வருவது கொதிக்கும் தண்ணீர், எனவே முகத்தையும் கையையும் வென்ட்டுக்கு நேராக வைக்க வேண்டாம். வடிந்து முடிந்த பிறகும் சொட்டிக்கொண்டோ சீறிக்கொண்டோ இருந்தால் ஐசொலேஷன் வால்வு பாஸிங் என்று அர்த்தம். அந்த நிலையில் எடுக்கும் ஜீரோ உண்மையான ஜீரோ இல்லை. பம்பை இணைத்து எதுவும் ஏற்றாமலே கேஜ் தானாக ஏறினாலும் இதே காரணம்தான். மேலே ரூட் வால்வையும் மூடிப் பாருங்கள். அதுவும் நிற்கவில்லை என்றால் லைன் நிற்கும் நாளுக்குத் தள்ளிப்போடுவது நல்லது.

பம்பை டெஸ்ட் போர்ட்டில் மாட்டும்போது த்ரெட்டைக் கவனியுங்கள். அரை இஞ்ச் என்.பி.டி.யும் அரை இஞ்ச் பி.எஸ்.பி.யும் இரண்டுமே இஞ்சுக்கு 14 புரி. அதனால் ஒன்றுக்குள் ஒன்று நாலைந்து சுற்று சுகமாக ஏறும், சரியாகப் பொருந்தியது போலவே தோன்றும். ஆனால் புரியின் கோணம் வேறு, ஒன்று 60 டிகிரி, மற்றது 55. எவ்வளவு டெஃப்லான் சுற்றினாலும் பிரஷர் ஏற ஏறக் கசியும். அடாப்டர் பையில் இரண்டும் கலந்து கிடப்பதுதான் பாதி லீக்குகளுக்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். டேப் சுற்றும்போது முதல் புரியை விட்டுச் சுற்றவும், இல்லையென்றால் துணுக்கு உள்ளே போய் டயஃப்ரம் பக்கம் உட்கார்ந்துகொள்ளும்.

10 கிலோவுக்கு காற்றில் ஓடும் ஹேண்ட் பம்ப் தாராளமாகப் போதும். தண்ணீர் அல்லது எண்ணெய் பம்ப் வைத்தால் கேஜையும் டிரான்ஸ்மிட்டரையும் ஒரே உயரத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மீட்டர் தண்ணீருக்கு 0.1 கிலோ வித்தியாசம் வந்துவிடும். காற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஆக்ஸிஜன் லைனில் இருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும் எண்ணெய் பம்பை, எண்ணெய் பட்ட ஹோஸைக்கூட, கிட்டே கொண்டுபோகக் கூடாது. எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

மின்சாரப் பக்கம் எளிது. 24 வோல்ட் சப்ளை, டிரான்ஸ்மிட்டர், மல்டிமீட்டர் மூன்றும் ஒரே வரிசையில். மீட்டரின் சிவப்பு வயர் மில்லி ஆம்ப் சாக்கெட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதே வயரோடு பிறகு யாராவது வோல்டேஜ் பார்க்கப் போனால் ஃபியூஸ் போய்விடும்.

லீக்கா, சூடா?

10 கிலோ வரை ஏற்றி, பம்பிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கேஜ் உடனே கொஞ்சம் இறங்கும். இதைப் பார்த்ததும் லீக் என்று ஸ்பேனரை எடுக்க வேண்டாம். காற்றை வேகமாக அமுக்கும்போது அது சூடாகிறது, பிறகு ஹோஸின் சுவர் வழியாக ஆறுகிறது, ஆற ஆற பிரஷர் குறைகிறது. இந்த இறக்கம் முதலில் வேகமாக இருந்து, வரவரக் குறைந்து, ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். லீக் அப்படி நிற்காது, ஒரே சீராக இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் கழித்தும் இறங்கினால் சோப்புத் தண்ணீர் போட்டு ஒவ்வொரு ஜாயின்டாகப் பாருங்கள். பம்பின் ரிலீஸ் வால்வு முழுக்க மூடாமல் இருப்பதும் உண்டு, அதில் குமிழி தெரியாது.

இதே காரணத்தால்தான் ஒவ்வொரு புள்ளியிலும் கேஜ் நின்ற பிறகு, இன்னும் பத்துப் பதினைந்து நொடி விட்டு, கேஜையும் மீட்டரையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். கேஜை நீங்களும் மீட்டரை உதவியாளரும் பார்த்தால், ஒருவர் "சரி" என்று சொல்லும் அதே நொடியில் இருவரும் படியுங்கள்.

கேஜைச் சரியாக 7.50-இல் நிறுத்த வேண்டும் என்று நுண் திருகோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 7.48-இல் நின்றால் 7.48 என்றே எழுதி, அதற்கு வர வேண்டிய மில்லி ஆம்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

```
mA = 4 + 16 × P / 10
7.48 கிலோவுக்கு: 4 + 16 × 0.748 = 15.97
```

ஆனால் ஒன்று, ஏறும் ரீடிங் என்றால் கீழிருந்து மட்டும் அந்தப் புள்ளிக்கு வர வேண்டும். 7.5-ஐத் தாண்டி 7.7 போய்விட்டால், அப்படியே கொஞ்சம் விட்டு 7.5-க்கு இறக்கிப் படிக்கக் கூடாது. அப்படிப் படித்தால் அது இறங்கும் ரீடிங் ஆகிவிடும். நன்றாகக் கீழே இறக்கி மறுபடி ஏற்றுங்கள். இறங்கும் ரீடிங்குக்கு இதன் மறுபக்கம்.

கேஜும் மீட்டரும் எவ்வளவு நம்பகம்?

உங்கள் டிரான்ஸ்மிட்டருக்கு ஸ்பேனில் ±0.5 சதவீதம் அனுமதி என்று வைத்துக்கொள்வோம். அது பிரஷரில் 0.05 கிலோ, கரன்ட்டில் 0.08 மில்லி ஆம்ப். கேஜ் இதைவிட நாலு மடங்காவது நல்லதாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கேஜ் மேல் "0.1%" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் கேஜின் முழு ஸ்கேலில் 0.1 சதவீதம். 0–20 பார் கேஜ் என்றால் 0.02 பார், அதாவது நாலு மடங்கு இல்லை, இரண்டரை மடங்குதான், சமாளிக்கலாம். 0–100 பார் கேஜை எடுத்து வந்தால் அதன் பிழையே 0.1 பார். டிரான்ஸ்மிட்டரின் அனுமதியைப் போல இரண்டு மடங்கு. அதை வைத்துச் செய்யும் கேலிபரேஷன் டிரான்ஸ்மிட்டரைக் கெடுக்கும் வேலை.

மல்டிமீட்டரை யாரும் சந்தேகிப்பதில்லை, ஆனால் சந்தேகிக்க வேண்டும். மில்லி ஆம்ப் ரேஞ்சில் 0.2 சதவீதப் பிழை உள்ள மீட்டர் 20 மில்லி ஆம்பில் 0.04 வரை தப்பாகக் காட்டலாம். அனுமதித்த 0.08-இல் பாதியை மீட்டரே தின்றுவிடும். லூப் கேலிபரேட்டர் இருந்தால் அதில் படியுங்கள். கேஜின் கேலிபரேஷன் சர்டிஃபிகேட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் திருத்தம் கொடுத்திருப்பார்கள். அதை ஃபைலில் வைப்பதோடு நிறுத்தாமல் ரீடிங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ரீடிங்கைப் படிப்பது

உங்கள் கேஸ் போன்ற ஒரு டிரான்ஸ்மிட்டரில் திருகைத் தொடாமல் எடுத்த ரீடிங் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
கிலோ    வர வேண்டியது   ஏறும்போது   இறங்கும்போது
 0.0       4.00          4.08         4.08
 2.5       8.00          8.14         8.15
 5.0      12.00         12.20        12.22
 7.5      16.00         16.26        16.27
10.0      20.00         20.32          –
```

பிழையை மட்டும் பாருங்கள்: 0.08, 0.14, 0.20, 0.26, 0.32. ஜீரோவிலேயே 0.08 இருக்கிறது, அது எல்லாப் புள்ளியிலும் கூடவே வருகிறது. இது ஜீரோ பிழை. அதைக் கழித்தால் மிச்சம் 0, 0.06, 0.12, 0.18, 0.24. இது பிரஷரோடு சேர்ந்து ஒரே விகிதத்தில் வளர்கிறது. இது ஸ்பேன் பிழை, 16-இல் 0.24, அதாவது 1.5 சதவீதம். ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் 0.02, அது கவலைப்படும் அளவு இல்லை. பிழை நேர்கோட்டில் போகிறது. இரண்டு திருகாலும் இதைச் சரி செய்ய முடியும்.

இரண்டு முனையும் சரியாக இருந்து நடுவில் மட்டும் 12.15 என்று வந்தால் கதை வேறு. அது லீனியாரிட்டி. ஜீரோ, ஸ்பேன் திருகால் அதைத் தொட முடியாது. டயஃப்ரம் அடிபட்டிருக்கலாம், உள்ளே அடைப்பு இருக்கலாம். திருகோடு போராடாமல் கழற்றிப் பாருங்கள்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. ஜீரோ கச்சிதமாக 4.00, 10-இல் மட்டும் 20.32 என்று வந்தால், திருகை விடுங்கள், கேஜின் யூனிட்டைப் பாருங்கள். டிஜிட்டல் கேஜ் பாரில் இருக்கும், டிரான்ஸ்மிட்டர் கிலோவில் இருக்கும். ஒரு கிலோ என்பது 0.981 பார். நீங்கள் கேஜில் 10.00 பார் ஏற்றினால் உண்மையில் 10.2 கிலோ ஏற்றியிருக்கிறீர்கள், நல்ல டிரான்ஸ்மிட்டர் அதற்கு 20.32 தான் கொடுக்க வேண்டும். ஸ்பேன் பிழை கிட்டத்தட்ட 2 சதவீதம் என்று வந்தாலே எனக்கு முதல் சந்தேகம் யூனிட் மேல்தான். நம் உதாரணத்திலும் மேல் முனை அதே 20.32 தான். ஜீரோவில் இருக்கும் 0.08-ஐப் பார்க்காதவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். இந்த உதாரணத்தில் கேஜ் கிலோவில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

ஏன் ஒன்று மற்றதை இழுக்கிறது

ஜீரோ திருகு செய்வது ஒரே ஒரு வேலை: அவுட்புட் முழுவதையும் ஒரே அளவு மேலே அல்லது கீழே தூக்கி வைக்கும். அதனால் ஸ்பேன், அதாவது மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் உள்ள வித்தியாசம், மாறாது. ஜீரோவைத் தொட்டதும் 20 நகர்ந்துவிட்டதே என்று நீங்கள் பார்ப்பது ஸ்பேன் நகர்ந்ததை அல்ல, எல்லாமே சேர்ந்து நகர்ந்ததை. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதி குழப்பம் தீரும்.

ஸ்பேன் திருகு சென்சாரிலிருந்து வரும் சிக்னலைப் பெருக்கும் அளவை மாற்றும். பிரஷர் ஜீரோவாக இருக்கும்போது சென்சார் சிக்னலும் சுத்தமாக ஜீரோ என்றால், அதை எத்தனையால் பெருக்கினாலும் ஜீரோதான், கீழ் முனை அசையாது. ஆனால் சென்சார்கள் அப்படி வருவதில்லை. பிரஷரே இல்லாமலும் கொஞ்சம் சிக்னல் வரும். பெருக்கும் அளவை மாற்றினால் அந்தக் கொஞ்சமும் மாறும். கதவின் கீல் நிலைச்சட்டத்தில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருந்தால், கதவைத் திருப்பும்போது கீல் பக்க ஓரமும் கொஞ்சம் அசையும் அல்லவா, அது மாதிரி.

அதனால்தான் எந்தத் திருகை முதலில் தொட்டாலும் கடைசியில் ஜீரோவில் முடிக்க வேண்டும். ஜீரோ ஸ்பேனைக் கெடுக்காது, ஸ்பேன்தான் ஜீரோவைக் கெடுக்கும்.

இப்போது நம் உதாரணத்தில் செய்து பார்ப்போம். வென்ட் திறந்த நிலையில் ஜீரோவைத் திருப்பி 4.08-ஐ 4.00 ஆக்குகிறோம். 10 கிலோ ஏற்றினால் இப்போது 20.24. ஸ்பேன் திருகால் 20.00 ஆக்குகிறோம். பிரஷரை விட்டால் ஜீரோ 3.97 என்று நிற்கிறது, ஸ்பேன் திருகு அதை 0.03 இழுத்துவிட்டது. ஜீரோவை மறுபடி 4.00 ஆக்கினால் மேல் முனை 20.03 ஆகிறது. ஸ்பேனை 20.00 ஆக்கினால் இந்த முறை ஜீரோ 0.004 அளவுதான் நகரும், மீட்டரில் தெரிந்தும் தெரியாமலும், அதையும் ஜீரோ திருகால் எடுத்துவிடலாம். முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. சுற்றுகள் போய்க்கொண்டே இருந்து சுருங்கவே இல்லை என்றால் அது இழுபறி இல்லை, லீக் அல்லது டிரான்ஸ்மிட்டர் கோளாறு.

பழகியவர்கள் இதையும் ஒரே சுற்றில் முடிப்பார்கள். ஸ்பேனை 0.24 குறைத்தபோது ஜீரோ 0.03 இறங்கியது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த முறை அதே மாடலில் மேல் முனையை 20.00-இல் நிறுத்தாமல் 19.97 வரை வேண்டுமென்றே கொண்டுபோகலாம். கீழே 3.97 வரும். வித்தியாசம் சரியாக 16.00. இப்போது ஜீரோவை 0.03 தூக்கினால் 4.00, 20.00 இரண்டும் ஒன்றாக வந்து உட்காரும். குறி 20.00 அல்ல, 16.00 வித்தியாசம்.

திருகைத் திருப்பும்போது ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டுப் படியுங்கள். அதன் அழுத்தத்திலேயே ரீடிங் 0.01, 0.02 நகரும் மாடல்கள் உண்டு. டிரான்ஸ்மிட்டர் லைனில் எந்த நிலையில் நிற்கிறதோ அதே நிலையில் நிறுத்தித்தான் ஜீரோ எடுக்க வேண்டும். பெஞ்சில் படுக்க வைத்து 4.00 ஆக்கியதை லைனில் நிமிர்த்தி மாட்டினால், டயஃப்ரம் பின்னால் உள்ள எண்ணெயின் எடை திசை மாறி ஜீரோ கொஞ்சம் நகரும். குறைந்த ரேஞ்ச் டிரான்ஸ்மிட்டரில் இது நன்றாகவே தெரியும்.

சரி செய்த பிறகு ஐந்து புள்ளிகளையும் ஏறியும் இறங்கியும் திரும்ப எடுங்கள். 4-உம் 20-உம் வந்துவிட்டது என்று பம்பைக் கழற்ற வேண்டாம்.

ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டரில்

இங்கே திருகு இல்லை, அதற்குப் பதிலாக மூன்று வெவ்வேறு சரிசெய்தல்கள் இருக்கின்றன. மூன்றையும் "கேலிபரேஷன்" என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். கம்யூனிகேட்டரை மாட்டி (லூப்பில் 250 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் பேசாது) மூன்று எண்களை ஒன்றாக எழுதுங்கள்: மாஸ்டர் கேஜ் காட்டுவது, திரையில் `PV`, மீட்டரில் மில்லி ஆம்ப்.

கேஜ் 10.00, `PV` 10.08, மீட்டர் 20.13 என்றால், `PV`-க்கும் மில்லி ஆம்புக்கும் பொருத்தம் சரி. சென்சார் பக்கம்தான் தப்பு, `Sensor Trim` வேண்டும். கேஜ் 10.00, `PV` 10.00, மீட்டர் மட்டும் 20.06 என்றால் சென்சார் நன்றாக இருக்கிறது, கரன்ட்டாக மாற்றும் பகுதி நகர்ந்திருக்கிறது. அதற்கு அவுட்புட் டிரிம். மூன்றும் சரியாக இருந்து கண்ட்ரோல் ரூமில் மட்டும் தப்பு என்றால் டிரான்ஸ்மிட்டரை விட்டுவிட்டு கார்டின் ஸ்கேலிங்கைப் பாருங்கள்.

மூன்றாவது சரிசெய்தல் ரேஞ்ச் மாற்றம், `LRV`, `URV`. இதைத்தான் தெரியாமல் பயன்படுத்திவிடுகிறார்கள். டிரான்ஸ்மிட்டர் தலையில் `Zero`, `Span` என்று இரண்டு பட்டன் இருக்கும் மாடல்களில், பிரஷர் ஏற்றி அவற்றை அமுக்கினால் பல மாடல்கள் சென்சாரைச் சரி செய்வதில்லை. அப்போது இருக்கும் பிரஷரை 4 என்றும் 20 என்றும் வைத்துக்கொள்கின்றன. மீட்டரில் 4.00, 20.00 அழகாக வரும், `PV` பழைய பிழையோடேயே இருக்கும். பழைய டிரான்ஸ்மிட்டரில் பழகிய கை இதைத்தான் முதலில் செய்யும். அடையாளம் சுலபம்: `LRV` 0.05, `URV` 10.08 என்று யாரும் வேண்டுமென்று வைக்காத எண்கள் திரையில் தெரிந்தால், யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள். ரேஞ்சை 0, 10 என்று திரும்பப் போட்டுவிட்டு டிரிம்மிலிருந்து தொடங்குங்கள்.

`Sensor Trim` செய்யும்போது கீழ் முனையை முதலில், மேல் முனையைப் பிறகு. ஆனால் மேல் முனையைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள். இப்போது வரும் ஸ்மார்ட் டிரான்ஸ்மிட்டர்களில் பல, நம் 0–20 பார் மாஸ்டர் கேஜைவிடத் துல்லியமானவை. கேஜ் 0.02 தப்பாகக் காட்டினால், நீங்கள் அந்த 0.02-ஐ டிரான்ஸ்மிட்டருக்குள் நிரந்தரமாக எழுதிவைக்கிறீர்கள். பிழை கேஜின் பிழையைவிடத் தெளிவாகப் பெரியதாக இருந்தால் மட்டும் மேல் முனை. மற்றபடி ஃபீல்டில் `Zero Trim` மட்டும் போதும், அதற்கு வளிமண்டலமே ரெஃபரன்ஸ், கேஜ்கூட வேண்டாம்.

அது கேஜ் பிரஷர் டிரான்ஸ்மிட்டருக்கு மட்டும். நேம் பிளேட்டில் அப்சல்யூட் என்று இருந்தால், வென்ட்டைத் திறந்து `Zero Trim` கொடுக்கக் கூடாது. வென்ட் திறந்த நிலையில் அது கடல் மட்டத்தில் சுமார் 1.03 கிலோ காட்டத்தான் வேண்டும்.

அந்த 0.3 கிலோ

ஸ்டீம் லைனில் டேப்பிங் மேலே இருக்கும், டிரான்ஸ்மிட்டர் கைக்கு எட்டும் உயரத்தில் கீழே இருக்கும். சூடான ஸ்டீம் நேராக டயஃப்ரமில் படாமல் இருக்க, சைஃபனும் இம்பல்ஸ் லைனும் கண்டன்சேட் நிரம்பி நிற்கும், நிற்கவும் வேண்டும். மூன்று மீட்டர் உயரத் தண்ணீர் 0.3 கிலோ. ஹெடரில் பிரஷர் இல்லாவிட்டாலும் டிரான்ஸ்மிட்டர் மேல் அந்த 0.3 உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் ஐசொலேஷனை மூடி, வடித்து, பம்ப் மாட்டியபோது அந்தத் தண்ணீர் விலகியிருந்தது, அதனால் 4.00 வந்தது. திரும்ப லைனில் போட்டதும் தண்ணீர் வந்தது, 0.3-உம் வந்தது. டிரான்ஸ்மிட்டர் தன் மேல் இருப்பதைச் சரியாகத்தான் சொல்கிறது. டேப் வைத்து டேப்பிங்கிலிருந்து டயஃப்ரம் வரை செங்குத்து உயரத்தை அளந்து பாருங்கள், பைப்பின் நீளத்தை அல்ல. மூன்று மீட்டருக்குக் கிட்டே வந்தால் விஷயம் அதுதான். ஒன்றரை மீட்டர்தான் என்றால் 0.15 போக மிச்சத்துக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இதைச் சரி செய்ய லைனில் இருக்கும்போதே ஜீரோ திருகைத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். தண்ணீர் முழுக்க நிரம்பி இருக்கும்போது செய்தால் கணக்கு ஒத்துவரும்தான், ஆனால் லெக் பாதி காலியாக இருந்த நேரத்தில் செய்துவிட்டால் பிழை உள்ளே உட்கார்ந்துவிடும், அடுத்து வருபவருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. நான் விரும்புவது பம்பிலேயே செய்வது: ரேஞ்சை 0.3 முதல் 10.3 என்று எடுத்துக்கொண்டு, 0.3 கிலோ ஏற்றி ஜீரோ திருகால் 4.00, 10.3 ஏற்றி ஸ்பேன் திருகால் 20.00.

```
mA = 4 + 16 × (P − 0.3) / 10
```

இப்போது பம்பை விட்டு வென்ட்டைத் திறந்தால் ரீடிங் 4-க்குக் கீழே போகும், கணக்குப்படி 3.52, அது சரியே. ஸ்மார்ட் என்றால் முதலில் வென்ட் நிலையில் `Zero Trim`, பிறகு `LRV` 0.3, `URV` 10.3. எதைச் செய்தாலும் டேக்கிலும் ரிப்போர்ட்டிலும் "3 மீட்டர் வெட் லெக், 0.3–10.3" என்று எழுதிவையுங்கள். எழுதாவிட்டால், அடுத்த முறை வருபவர் வென்ட்டில் 4-க்குக் கீழே நிற்பதைப் பார்த்து ஜீரோ போய்விட்டது என்று 4.00-க்குத் திருப்பிவிடுவார். கண்ட்ரோல் ரூம் பக்கமும் கேளுங்கள், அங்கே ஏற்கெனவே 0.3 கழித்திருந்தால் இரண்டு முறை கழிந்து 7 கிலோ ஹெடர் 6.7 என்று காட்டும். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும்தான் கழிக்க வேண்டும்.

திரும்ப லைனில்

பம்பைக் கழற்றி, டெஸ்ட் போர்ட்டை பிளக் செய்து, வென்ட்டை மூடுங்கள். வடித்துவிட்ட சைஃபனையும் லெக்கையும், ஃபில்லிங் டீ இருந்தால் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகே ஐசொலேஷனைத் திறக்கவும். இல்லையென்றால் ஸ்டீம் நேராக வந்து டயஃப்ரமில் படும். அதுவும் கால் சுற்று, கால் சுற்றாக. ரீடிங் நிலைக்கட்டும், பக்கத்திலுள்ள லோக்கல் கேஜோடு ஒப்பிடுங்கள், அதற்கும் வெட் லெக் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கண்ட்ரோல் ரூமில் காட்டுவதும் அதோடு ஒத்துப்போனால் ஆட்டோவுக்கு மாற்றச் சொல்லுங்கள். டிரிப் பைபாஸை எடுப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. ரீடிங் டிரிப் புள்ளிக்குக் கீழே நிலையாக நிற்பதை உறுதி செய்த பிறகு எடுத்து, எடுத்த நேரத்தை பெர்மிட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.